உயரத்துக்கு அஞ்சுபவரை மலைக்கு அழைத்துப் போவது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலைக்கு மூன்று நாள் திட்டம்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் உறவினர்களுக்கு நான் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுண்டு. வீட்டில் ஒருவருக்கு உயரம் ஆகாது என்றால், பெரும்பாலான குடும்பங்கள் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. முதலில் தங்கும் அறைக்குப் பணம் கட்டுகிறார்கள், அடுத்து பார்க்கும் இடங்களைப் பட்டியலிடுகிறார்கள், புறப்படும் முதல் நாள் இரவில்தான் பயப்படுபவரிடம் கேட்கிறார்கள். அதற்குள் எதையும் மாற்ற வழியில்லாமல் போய்விடுகிறது. அவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு வந்து மூன்று நாளும் வாடிப்போகிறார்.

கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது. அண்மையில் ஒரு பெரியம்மாவுக்காகப் போட்ட திட்டத்தையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு கேமரன் மலையைப் பார்க்க ஆசைப்பட்டார். மலை பிடிக்கும், பள்ளம் பிடிக்காது. அவர் சொன்னது அவ்வளவுதான்.

தொடங்குமுன் தேவைப்படுபவை: பயப்படுபவரோடு தனியாகப் பேச ஒரு மணி நேரம், கூகுள் மேப்ஸ் உள்ள கைப்பேசி, ஒத்திகைக்கு ஒரு முழு நாள். பயணம் பள்ளி விடுமுறைக்கு வெளியே, வார நாள்களில் அமைய வேண்டும். ஏன் என்பது ஆறாம் படியில் வருகிறது.

1. எந்தப் பயம் என்று பிரித்துக் கேளுங்கள்

“உயரம் என்றால் பயமா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். அதை வைத்துத் திட்டம் போட முடியாது. அவருக்குத் தெரிந்த இடங்களை வைத்துக் கேட்க வேண்டும்.

பத்துமலையின் 272 படிகள் இதற்கு மிகவும் உதவும். நம்மில் ஏறாதவர் அரிது. ஏறும்போது பயமா, இறங்கும்போதா? சுவரோரமாகவோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டோ இறங்கினால் சரியாகிவிடுமா? பாதியில் திரும்பிப் பார்த்ததுண்டா? அடுத்து, ஈப்போவில் பேரங்காடியின் மூன்றாம் மாடிக்குப் போனால் நடுவில் திறந்திருக்கும் கைப்பிடிச் சுவர் அருகே நிற்பாரா, கடைகளை ஒட்டியே நடப்பாரா? கண்ணாடி லிப்டில் ஏறுவாரா? சாலைக்கு மேலே போகும் நடைபாலத்தைக் கடப்பாரா? நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைச்சரிவில் கார் போகும்போது கண்ணை மூடிக்கொள்வாரா?

பதில்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். விளிம்பருகே நிற்கும்போது வரும் பயம். இறங்கும்போது வரும் பயம். காலடியில் இடைவெளி தெரிந்தால் அல்லது தளம் ஆடினால் வரும் பயம். ஓடும் வண்டியில், தன் கட்டுப்பாட்டில் ஒன்றும் இல்லை என்பதால் வரும் பயம். ஒருவருக்கு நான்கும் இருப்பது குறைவு. பெரியம்மாவுக்கு முதல் இரண்டும்தான் இருந்தன. மெனோரா பக்கம் காரில் போவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நடைபாலத்தில் மட்டும் நடுவிலேயே நடப்பார். இவ்வளவு தெரிந்தவுடன், “மலைக்கே வேண்டாம்” என்று மகன் முடிவு செய்து வைத்திருந்தது தேவையற்றது என்று புரிந்துவிட்டது.

ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். படுக்கையில் புரளும்போதும் தரையில் நிற்கும்போதும் தலை சுற்றுகிறதா? ஆம் என்றால் அது உயரத்தைப் பற்றிய பயமாக இல்லாமல் காதின் உட்பகுதிக் கோளாறாக இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். பயணம் காத்திருக்கட்டும்.

2. கடல் மட்டத்தை விடுங்கள், விளிம்பை அளவிடுங்கள்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் அதன் கடைத்தெருவில் நடப்பது நம் ஊர்க் கடைத்தெருவில் நடப்பது போலத்தான். அதே ஆள் பேரங்காடியின் மூன்றாம் மாடியில் நடுங்குகிறார். ஆகவே உயரத்தின் எண் ஒன்றும் சொல்வதில்லை.

நாம் நிமிர்ந்து நிற்கக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் ஆகிய மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. நிற்கும்போது உடல் எப்போதும் சற்று அசைந்துகொண்டே இருக்கும். அருகில் சுவரோ மரமோ இருந்தால் அந்த அசைவைக் கண் கவனித்துச் சரிசெய்துவிடும். விளிம்பில் நின்றால் கண்ணுக்கு எட்டும் பொருள் எல்லாம் வெகு தொலைவில் இருக்கும். அப்போது அசைவு கண்ணுக்குப் புலப்படாது, தகவல்கள் முரண்படும், உடல் உண்மையிலேயே கூடுதலாக ஆடத் தொடங்கும். உயரத்தில் தள்ளாடுவது போலத் தோன்றுவது வெறும் கற்பனை அன்று. இதை வீட்டில் உள்ள மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பாதிக் கேலி அதிலேயே நின்றுவிடும்.

ஆகவே ஒவ்வோர் இடத்தையும் சில கேள்விகளால் சோதியுங்கள். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று காட்சியைப் பார்க்கலாம்? இடையில் அடர்ந்த புதரோ மறைப்பான சுவரோ இருக்கிறதா, வெறும் கம்பியா? தளம் கெட்டியானதா, கீழே தெரியும்படி இடைவெளி உள்ளதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் திரும்ப முடியுமா? கேபிள் காரும் தொங்குபாலமும் இந்தக் கடைசிக் கேள்வியில் தோற்றுப்போகும். பினாங்கு கொடிமலை ரயில் தரையோடு ஒட்டித்தான் ஓடுகிறது, ஆனால் செங்குத்தான சரிவில் ஏறுகிறது. ஏறிய பிறகு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இறங்கும்போது பயப்படுபவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேமரனில் இதைப் பொருத்திப் பாருங்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் பார்வையாளர் மண்டபம் எல்லாரும் படம் எடுக்கும் இடம். அதன் வெளித்தளம் சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே போகும் சாலையும் குறுகலானது, எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கித்தான் போக வேண்டும். குனோங் பிரிஞ்சாங் உச்சி சுமார் 2,030 மீட்டர். அங்கே போகும் சாலை அதைவிடக் கடினம், மேலே கோபுரமும் உண்டு, பாசிக்காட்டில் மரத்தால் ஆன நடைமேடையும் உண்டு. இரண்டையும் பெரியம்மாவின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

பதிலாக, தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் முதன்மைச் சாலையோரத்தில் உள்ள பாரத் தேயிலைத் தோட்டத்தின் தேநீர்க் கடையைச் சேர்த்தோம். கார் சாலையோரத்திலேயே நிற்கும். பள்ளத்தாக்கு முழுதும் தேயிலை படர்ந்து கிடப்பதை உள்வரிசை மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கம்பியோர மேசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, படங்களைப் பார்த்து முடிவு செய்வது. இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் விளிம்பில் நின்று எடுத்தவை. அதே இடத்தின் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து, கார் நிறுத்தும் இடத்திலிருந்து நடந்து போவது போல நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் பாதை திறந்துகொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

3. பணம் கட்டுமுன் ஒத்திகை நாள்

கேமரனுக்கு அறை பிடிக்குமுன் ஒரு நாள் தைப்பிங் போய் வாருங்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தரை சமமானது, பின்னால் புக்கிட் லாருட் மலை எழுந்து நிற்கிறது. கீழே நின்று மலையைப் பார்ப்பதும் மலைக்காட்சிதான். சிலருக்கு அதுவே போதும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். புக்கிட் லாருட் மேலே போகும் சாலையை மட்டும் இந்த ஒத்திகையில் தொடாதீர்கள். அது நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது.

பிறகு கோலா செப்பாத்தாங் போய் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் நடைமேடையில் நடந்து பாருங்கள். அது தரையிலிருந்து அதிகம் உயராதது, ஆனால் பலகையால் ஆனது. காலடி இடைவெளியும் தளத்தின் சிறு அதிர்வும் அவரை எவ்வளவு பாதிக்கின்றன என்று ஆபத்தில்லாத உயரத்தில் தெரிந்துகொள்ளலாம். பெரியம்மா அங்கே பேச்சு நிற்காமல் நடந்தார். ஓரிடத்தில் மட்டும், ஆற்றை நோக்கித் திறந்திருந்த பகுதியில், கை தானாக மருமகளின் முழங்கையைப் பிடித்தது. கால் நிற்கவில்லை. விளிம்புதான் அவருடைய சிக்கல், தளம் அன்று என்பது உறுதியாயிற்று.

போகும் வழியில் கோலா கங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே நெடுஞ்சாலை மலைகளினூடே வளைந்து போகிறது. அந்தப் பகுதியில் அவர் முகத்தைக் கவனியுங்கள், பேச்சை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கேட்கக் கேட்கப் பயம் வளரும்.

4. சாலையைத் தேர்ந்தெடுங்கள்

கேமரன் மலைக்கு மேற்குப் பக்கமிருந்து இரண்டு வழிகள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர் போகும் பழைய சாலை ஒன்று. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் அகலமான புதிய சாலை மற்றொன்று. எது எளிது என்று கேட்டால் எல்லாரும் சிம்பாங் பூலாய் என்பார்கள். வண்டி ஓட்டுபவருக்கு அது சரி. பயப்படுபவருக்கு அவ்வளவு நேரடியான பதில் இல்லை.

தாப்பா சாலை குறுகலானது, வளைவுகள் ஓயாதவை. ஆனால் பெரும்பகுதி காட்டுக்குள் போவதால் மரங்கள் பள்ளத்தை மறைத்துவிடும். வயிற்றைப் புரட்டும், கண்ணுக்குப் பள்ளம் அவ்வளவாகத் தெரியாது. சிம்பாங் பூலாய் சாலையில் வளைவுகள் மென்மையானவை, முந்திச் செல்லத் தடம் உண்டு, ஓரத்தில் தடுப்புக் கம்பி உண்டு. ஆனால் மலையை வெட்டிப் போட்ட சாலை என்பதால் பல இடங்களில் பள்ளத்தாக்கு விரியத் திறந்து தெரியும்.

ஆகவே வண்டியில் குமட்டல் வருபவருக்கும், குறுகிய சாலையில் எதிரே லாரி வந்தால் நடுங்குபவருக்கும் சிம்பாங் பூலாய். திறந்த பள்ளத்தாக்கைக் காரிலிருந்து கண்டாலே கலங்குபவருக்குத் தாப்பா, அதுவும் காலையில், மெதுவாக. பெரியம்மாவுக்குக் காரில் பயம் இல்லாததால் சிம்பாங் பூலாய் என்று முடிவாயிற்று. சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாகப் பழைய சாலையிலேயே ஈப்போ போய் அங்கிருந்து சிம்பாங் பூலாய் சேரலாம். மலைப்பாதை தொடங்கும் வரை சமதரை.

எந்தப் பக்கம் பள்ளம் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் டெரைன் வரைபடத்தைப் பெரிதாக்கினால் சம உயரக் கோடுகள் தெரியும். கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து, எண்கள் குறையும் பக்கம் பள்ளம். சந்தேகமான வளைவுகளை ஸ்ட்ரீட் வியூவில் பாருங்கள். அந்தப் படங்கள் காரின் கூரைக்கும் மேலே வைத்த கேமராவால் எடுத்தவை. உங்கள் கண் அதைவிடத் தாழ்வாக இருக்கும், நேரில் பள்ளம் அவ்வளவு தெரியாது. இதைச் சொல்லாமல் பயப்படுபவரிடம் கைப்பேசியை நீட்டினால் பயணமே நின்றுபோகும்.

5. வண்டியும் இருக்கையும்

பஸ் வேண்டாம், கார்தான். காரணம் எளிது. பஸ்ஸில் இருக்கை உயரமானது, சன்னலிலிருந்து பார்த்தால் தடுப்புக் கம்பியைத் தாண்டி நேரே பள்ளம் தெரியும். காரில் அதே தடுப்புக் கம்பி கண்ணுக்கு ஏறக்குறைய நேராக வந்து கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். இதே காரணத்தால் மைவி போன்ற சிறிய காரும் உயரமான வேனைவிட மேல்.

இருக்கையில்தான் பலர் தவறுகிறார்கள். மரியாதைக்காகப் பெரியவரை முன்னால், ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார வைப்பார்கள். நாம் சாலையின் இடப்புறம் போகிறோம். பள்ளம் இடப்புறம் வந்தால் அந்த இருக்கைதான் விளிம்புக்கு மிக அருகில் இருக்கும். ஓட்டுநருக்குப் பின்னால், வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் நிலைமை வேறு. பள்ளம் இடப்புறம் இருந்தால் காரின் அகலம் இடையில் இருக்கும். வலப்புறம் இருந்தால் எதிர்த்தடம் முழுதும் இடையில் இருக்கும். போகும்போதும் வரும்போதும் இந்த ஒரே இருக்கை பொருந்தும்.

பினாங்கில் ஜார்ஜ்டவுனிலிருந்து பத்து பெரிங்கி போனவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென விளங்கும். மேற்கே போகும்போது கடல் வலப்புறம், நம் கார் மலையோரத் தடத்தில். திரும்பும்போது கடல் இடப்புறம், நம் கார் விளிம்புத் தடத்தில். போகும்போது நன்றாக இருந்தவர் திரும்பும்போது ஏன் கலங்கினார் என்று குடும்பம் வியப்பதற்கு இதுதான் பதில்.

பின்னிருக்கையில் குமட்டல் அதிகமாகும் என்பது உண்மை. குமட்டலும் பயமும் இரண்டும் உள்ளவருக்குப் பின்னிருக்கையின் நடு இடம் நல்லது, அங்கே தோளில் மாட்டும் முழு இருக்கைப்பட்டை இருந்தால் மட்டும். முன்கண்ணாடி வழியே சாலை நேராகத் தெரியும், இரு பக்கமும் ஆள் இருப்பதால் சன்னல் மறையும். குமட்டல் மாத்திரை எடுப்பதானால் மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும், மேலே இறங்கியதும் கால் தள்ளாடும்.

தானே ஓட்டினால் பயம் வருவதில்லை என்று சிலர் சொல்வார்கள். ஓடும் வண்டியில் கட்டுப்பாடு இல்லை என்பதே பயமாக இருப்பவருக்கு அது உண்மைதான். ஆனால் பாலத்தில் கை விறைத்துப்போன அனுபவம் ஒருமுறை இருந்தாலும் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

6. நாளும் நேரமும்

பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் பிரிஞ்சாங், கியா பார்ம் பகுதியில் வண்டிகள் நகராது. சாதாரணப் பயணிக்கு அது சலிப்பு. உயரத்துக்கு அஞ்சுபவருக்கு அது வேறு. ஓடும் வண்டியில் ஒரு நொடியில் கடந்துபோகும் வளைவில், பள்ளத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் அசையாமல் உட்கார வேண்டி வரும். வார நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதனால்தான்.

காலையிலேயே ஏறிவிடுங்கள். மலையில் மழையும் மூடுபனியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இரவில் போனால் பள்ளம் தெரியாதே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஓட்டுநருக்கும் சாலை தெரியாது. ஓட்டுநரின் பதற்றம் பின்னிருக்கைக்குத் தொற்றிக்கொள்ளும். அடைமழைக் காலத்தில் நிலச்சரிவும் உண்டு, ஆகவே தொடர்மழை என்றால் தேதியையே மாற்றுங்கள்.

7. அறை

கேமரனில் கட்டடங்கள் சரிவில் கட்டப்பட்டவை. சாலையிலிருந்து தரைத்தளம் போல நுழைந்தால், பின்பக்கம் அதுவே ஐந்தாவது மாடியாக இருக்கும். “தரைத்தளம் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிய அறையின் சன்னலைத் திறந்து திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பார்ட்மென்ட்களில் இன்னொரு தொல்லை, திறந்த நடைவழி. அறைக்குள் பயம் இல்லாவிட்டாலும், காலையில் கதவைத் திறந்ததும் எதிரே ஒரு கைப்பிடிச் சுவரும் அதற்கப்பால் வெட்டவெளியும்.

உரிமையாளரிடம் தளத்தின் எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து அறைக்குள் நுழைந்து சன்னல் வரை நடந்து எடுத்த ஒரு வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை, பெரும்பாலோர் மறுப்பதில்லை. மறுத்தால் வேறு இடம் பாருங்கள். பெரியம்மாவுக்காகத் தானா ராத்தா கடைத்தெருவை ஒட்டி, மூடிய நடைவழி உள்ள முதல் மாடி அறையைப் பிடித்தோம். சன்னலுக்கு வெளியே எதிர்க்கடையின் பலகை தெரிந்தது. காட்சி இல்லையே என்று மகனுக்குக் குறை. அறையில் அவர் நிம்மதியாகத் தூங்கினால்தான் மறுநாள் வெளியே காட்சியைப் பார்க்கும் தெம்பு இருக்கும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

8. மூன்று நாள் எப்படி ஓடியது

முதல் நாள், செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, ஈப்போவில் பசியாறினார்கள். வயிறு பாதி நிரம்பியிருப்பதே நல்லது. மலைப்பாதை தொடங்குமுன் கழிவறைக்குப் போய்விட வேண்டும், நடுவழியில் சரிவோரம் நிறுத்தும் தேவையே வரக்கூடாது. ஏறும் வழியில் காட்சிமுனை எதிலும் நிறுத்தவில்லை. கம்போங் ராஜா வந்த பிறகுதான் முதல் நிறுத்தம். அங்கிருந்து காய்கறிக் கடைகளையும் ஸ்ட்ராபெரி பண்ணைகளையும் பார்த்துக்கொண்டே மதியத்துக்குள் தானா ராத்தா. பிற்பகல் முழுதும் ஓய்வு. முதல் நாளிலேயே கடினமான இடத்தை வைத்தால், களைப்பும் பயமும் சேர்ந்து மீதி நாள்களைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் நாள் காலை, தானா ராத்தாவில் உள்ள மார்டி வேளாண் பூங்கா. பூக்களும் நாற்றுகளும் நிறைந்த இடம், அவசரம் இல்லாமல் நடக்கலாம். பத்து மணி வாக்கில் பாரத் தேநீர்க் கடை. இங்கே ஒரு முறையைக் கையாண்டோம். வந்தவுடன் காட்சியைப் பார்க்கப் போகாமல், முதலில் உள்ளே சுவரை ஒட்டி உட்கார்ந்து தேநீரும் ஸ்கோனும் வாங்கினார்கள். உட்கார்ந்தால் உடலின் ஆட்டம் குறையும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் குறையும். கால் மணி நேரம் கழித்துப் பெரியம்மா தானாகவே நாற்காலியை ஒரு வரிசை முன்னே நகர்த்திக்கொண்டார். தேயிலை வரிசைகளுக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்களைக் கண்டதும், எந்தப் பக்கமிருந்து பறித்து வருகிறார்கள், அடுத்து எந்த வரிசை என்று பேரப்பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். யாரும் அவரை முன்னே வரச் சொல்லவில்லை. அதுதான் முக்கியம்.

பிற்பகலில் மகனும் பிள்ளைகளும் மட்டும் சுங்கை பாலாஸ் போனார்கள். பெரியம்மாவும் மருமகளும் கடைத்தெருவில் இருந்தார்கள். குடும்பம் பிரிந்து போவதற்கு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். அப்படி ஒதுக்காவிட்டால், தன்னால் மற்றவர்களுக்குக் கெட்டுப்போகிறது என்று நினைத்து அவர் வர ஒப்புக்கொள்வார், அங்கே போய் மாட்டிக்கொள்வார். சுங்கை பாலாஸ் மண்டபம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். நாளைக் குறிக்குமுன் அதையும் பாருங்கள்.

மூன்றாம் நாள் இறக்கம். இறங்கும்போது பயப்படுபவர்களுக்கு இதுதான் கடினமான பகுதி, கண் இயல்பாகவே பள்ளத்தாக்கை நோக்கித் தாழ்ந்திருக்கும். காலையிலேயே புறப்பட்டார்கள், அதே வலப்பக்கப் பின்னிருக்கை. மகனிடம் கீழ் கியரில் இறங்கச் சொல்லியிருந்தேன். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறித் தீய்ந்த நாற்றம் வரும். வண்டி வேகம் பிடிப்பதும் அடங்குவதுமாக இருக்கும். அந்தக் குலுக்கலே பின்னால் இருப்பவருக்கு வண்டி கைமீறிப் போகிறது என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

9. நடுவில் பயம் வந்துவிட்டால்

புறப்படுமுன் ஒரு சைகையை முடிவு செய்யுங்கள். பெரியம்மா பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டினால் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. விளிம்பருகே பயம் வந்தால் நின்ற இடத்திலேயே உட்கார வையுங்கள், முடிந்தால் சுவருக்கு முதுகு கொடுத்து. அருகில் உள்ள, அசையாத ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் மேகத்தைப் பார்த்தால் தள்ளாட்டம் கூடும். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் உச்சம் தணியும். அதுவரை கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

“ஒன்றும் ஆகாது, கீழே பார்க்காதே” என்று சொல்வது பயன்படாது. அந்தச் சொல் கீழே என்ன இருக்கிறது என்பதையே நினைவூட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டோ கையைப் பிடித்தோ விளிம்புக்குக் கூட்டிப்போய்த் “திறந்து பார்” என்று வியப்பூட்டுவது அதைவிட மோசம். பயத்தைப் போக்க விரும்பினால் அதற்கு உளவியல் நிபுணரோடு படிப்படியாகச் செய்யும் பயிற்சி உண்டு. குடும்பச் சுற்றுலாவை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

10. மலை ஒத்துவரவில்லை என்றால் கடல்

ஒத்திகை நாளிலேயே மலை வேண்டாம் என்று தெரிந்துவிட்டால், நம் பக்கத்தில் பங்கோர் இருக்கிறது. பாசிர் போகாக், தெலுக் நிப்பா இரண்டும் மேற்கு நோக்கிய கடற்கரைகள், மணலில் உட்கார்ந்தபடியே மாலை வெயிலைப் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது படகுத்துறைதான். பலகைக்கும் படகுக்கும் இடையே நீர் தெரியும் அந்த ஓரடி இடைவெளியில்தான் பலர் உறைந்துபோகிறார்கள். நீர் வற்றிய வேளையில் படகு இன்னும் தாழ்ந்து நிற்கக்கூடும், இறங்கும் அடியும் பெரிதாகும். ஆகவே நீர் ஏறியிருக்கும் நேரப் படகைப் பாருங்கள். முன்னால் ஒருவர் படகில் இறங்கி நின்று கை கொடுக்கட்டும், பின்னால் ஒருவர் வரட்டும்.

தீவுக்குள் பாசிர் போகாக்கிலிருந்து தெலுக் நிப்பாவுக்குப் போகும் சாலை மேடேறி வளையும். அது வேண்டாம் என்பவர் பாசிர் போகாக்கிலேயே அறை எடுக்கலாம். படகே வேண்டாம் என்றால் லுமுட்டுக்கு அருகே தெலுக் பாத்திக் இருக்கிறது. கார் கடற்கரை வரை போகும், இடையில் படகும் இல்லை, பாலமும் இல்லை.